தவறி விழுந்தவர்கள்

2021-ஆம் ஆண்டில் இந்தியாவில் பாதாளச் சாக்கடைகளிலும் செப்டிக் டேங்குகளிலும் இறங்கி இறந்தவர்கள் எத்தனை பேர்? 2022 ஜூலையில் மக்களவைக்குச் சமூக நீதி அமைச்சகம் தந்த பதிலில் 36 என்று இருக்கிறது. 2023 ஜூலையில் அதே அவைக்கு அதே அமைச்சகம் தந்த பதிலில் 58 என்று இருக்கிறது. முதல் பதில் வந்தபோதே அந்த ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு 22 பேர் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள்.

அச்சுப் பிழையாக இருக்குமோ என்று மற்ற ஆண்டுகளையும் இரண்டு பதில்களிலும் ஒப்பிட்டேன். 2018-க்கு இரண்டிலும் 67. 2019 முதலில் 116, பிறகு 117. 2020 முதலில் 19, பிறகு 22. பழைய ஆண்டுகள் அதிகபட்சம் மூன்று கூடியதோடு நின்றுவிட, 2021 மட்டும் பாதிக்கு மேல் பெருத்திருந்தது. செய்தித்தாள்களில் இது கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. தலைப்பாக வருவது ஐந்தாண்டு மொத்தம்தான். 2021 பிப்ரவரிப் பதிலில் அது 340, 2022 பதிலில் 347, 2023 பதிலில் 339. மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிவதால், உள்ளே ஓர் ஆண்டின் எண் இப்படி நகர்ந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

2022, 2023 பதில்களுக்கு முன்பு இன்னொரு பதில் இருக்கிறது. 2021 ஜூலை 28 அன்று மாநிலங்களவையில், மனிதக் கழிவை மனிதரே அகற்றும் தொழிலால் இறந்தவர்கள் பற்றிக் கேட்டபோது, இணையமைச்சர் ராம்தாஸ் அதாவலே அப்படியொரு இறப்பும் பதிவாகவில்லை என்று எழுத்துப்பூர்வமாகச் சொன்னார். ஐந்தே மாதத்துக்கு முன்பு 340 என்று சொன்ன அமைச்சகம்தான் இது. நாடு முழுவதும் பலர் கோபப்பட்டார்கள். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அந்தச் சூன்யம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு தனித்தனி நிலைமைகளைப் பேசுகிறது. உலர் கழிப்பிடத்திலோ, அதன் கழிவு விழும் திறந்த வடிகாலிலோ குழியிலோ, ரயில் பாதையிலோ மலத்தைக் கையால் அள்ளுபவர் ஒரு வகை. சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்கப்படுபவர் இன்னொரு வகை. இரண்டாவதைச் சட்டம் 'அபாயகரமான சுத்திகரிப்பு' என்று தனிப் பிரிவில் வைத்து, ஏழாம் பிரிவில் தடை செய்கிறது. கேள்வி முதல் வகையைப் பற்றி வந்தால் பதில் சூன்யம். இரண்டாம் வகையைப் பற்றி வந்தால் நூற்றுக்கணக்கு. மூச்சு முட்டிச் சாவது பெரும்பாலும் இரண்டாம் வகையில்தான் என்பது அமைச்சகத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கேள்வியின் வாசகத்துக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் நேர்மையான பதிலாகக் கருதவில்லை.

சூன்யத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அந்த 22 பேர் எங்கே இருந்தார்கள்? நாடாளுமன்றப் பதிலில் பெயர்கள் இருக்காது, மாநில வாரியான எண்கள்தான் இருக்கும். மேலிருந்து கீழே போகப் பாதை இல்லை. அதனால் கீழிருந்து மேலே போக முடிவு செய்தேன். 2021-இல் நடந்த ஒரு சாவை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்தத் தாளில் ஏறியது, எந்தத் தாளில் ஏறாமல் நின்றது என்று பார்ப்பது.

மாவட்டப் பதிப்புகளில் இத்தகைய செய்திகளுக்கு ஒரே தலைப்புதான்: விஷவாயு தாக்கி இருவர் பலி, மூவர் பலி. உள்பக்கத்தில் பத்து வரி. வட மாவட்டம் ஒன்றின் சிறிய ஊரில் நடந்த ஒன்றை எடுத்தேன். வாடகைக்கு விடும் வீடு ஒன்றின் செப்டிக் டேங்கில் இரண்டு பேர். இறந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் அந்த ஊரிலேயே இருப்பதால் ஊரையும் பெயர்களையும் எழுதப்போவதில்லை.

செய்தியில் காவல் நிலையத்தின் பெயர் இருந்தது. தேதி தெரிந்தால் குற்ற எண்ணைப் பிடித்துவிடலாம். குற்ற எண் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை கிடைக்கும். கிடைத்தது. அதில் புகார்தாரர் இறந்த முதல் ஆளின் மனைவி. என் கணவர் கூலி வேலை செய்து வந்தார், மேற்படி வீட்டில் வேலைக்குச் சென்றபோது கழிவுநீர்த் தொட்டி அருகே எதிர்பாராத விதமாகத் தவறி விழுந்து இறந்துவிட்டார், அவரைக் காப்பாற்ற முயன்ற இன்னொருவரும் இறந்தார், என் கணவரின் சாவில் யார் மீதும் சந்தேகம் இல்லை என்பதுதான் அதன் சாரம். பதிவான பிரிவு, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174. திடீர் மரணத்துக்கான பிரிவு அது. அதில் குற்றவாளி என்று யாரும் கிடையாது. வீட்டுக்காரரின் பெயர் முகவரிக்காக மட்டும் வருகிறது. வேலைக்கு அழைத்துப் போன மேஸ்திரி வரவே இல்லை.

இந்த ஒரு தாளோடு நின்றிருந்தால் இது விபத்துதான். ஆனால் இயற்கைக்கு மாறான சாவு எதற்கும் ஒரு தாளோடு கதை முடியாது. சம்பவ இடத்துக்குப் போய்க் காவல் அதிகாரி எழுதும் பார்வை மகஜர், கையால் வரையும் மாதிரி வரைபடம், உடலைச் சுற்றி ஐந்து பஞ்சாயத்தாரை வைத்து எழுதும் பிரேத விசாரணை அறிக்கை, பிறகு உடற்கூறாய்வுச் சான்று. இவையெல்லாம் நீதிமன்றக் கட்டில் சேரும். குடும்பத்தின் வழக்கறிஞர் மூலம் சான்றிட்ட நகல்கள் வாங்கினோம்.

பார்வை மகஜரில் டேங்கின் அளவு இருந்தது. சுமார் பத்தடி நீளம், ஆறடி அகலம், ஒன்பதடி ஆழம். மூடியில் இருந்த வாய் இரண்டடிக்கு இரண்டடி. ஒரு ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் அதற்குள் போக முடியும். அடுத்த பத்தியில், சம்பவ இடத்தில் இருந்து கைப்பற்றிய பொருட்கள்: நைலான் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பக்கெட் ஒன்று, மண்வெட்டி ஒன்று, டேங்கின் உள்ளே நிறுத்தியிருந்த மூங்கில் ஏணி ஒன்று. தவறி விழுந்தவருக்கு உள்ளே ஏணி எதற்கு? பிரேத விசாரணை அறிக்கை இன்னும் நேராகச் சொல்லிவிடுகிறது. உடலில் அரைக்கால் டிரவுசர் மட்டும், மேல்சட்டை இல்லை, காலில் செருப்பு இல்லை.

அவருடைய மனைவியிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். புகார் மனுவில் இருந்தது அவர் சொன்ன வாசகம் அல்ல. ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைத் தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டார்களாம். "கையெழுத்து போட்டாதான் பாடிய தருவோம்னாங்க சார். நான் என்னத்த படிக்கிறது? காலைல ஏழு மணிக்கு மேஸ்திரி போன் பண்ணாரு. லாரி வெச்சு எடுத்தாச்சு, அடில சேறு கெடக்குது, ரெண்டு பேரு எறங்கி அள்ளிக் குடுத்தா போதும், ஆயிரத்து ஐநூறுன்னாரு. சட்டையும் செல்லும் செருப்பும் மூடி பக்கத்துல மடிச்சு வெச்சிருந்தாரு. நான்தான போயி எடுத்துட்டு வந்தேன். கால் தவறி விழறவரு சட்டைய மடிச்சு வெச்சிட்டா விழுவாரு?"

லாரி வைத்து எடுத்தாகிவிட்டது என்ற அந்த ஒரு வரியில்தான் இந்தச் சாவின் காரணம் இருக்கிறது. உறிஞ்சும் லாரியின் குழாய் நீரை எடுத்துவிடும். பல ஆண்டுகளாகத் திறக்காத டேங்கின் அடியில் இறுகிப்போன சேறு வராது. அதைத் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து மறுபடி உறிஞ்ச வேண்டும். அதற்கு நேரமும் இன்னொரு நடைக்கான வாடகையும் ஆகும். ஆளை இறக்கினால் மலிவு. மேலே நின்ற நீர் போன பிறகு பார்த்தால் டேங்க் காலியாக, பயமில்லாததாகத் தெரியும். ஆனால் சேற்றில் மண்வெட்டி பட்டதும் அதற்குள் அடைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரே மூச்சில் வெளியேறுகிறது. அது காற்றைவிடக் கனமான வாயு. குனிந்து வேலை செய்பவரின் முகத்தருகே தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஏறிவிடலாம் என்று அனுபவசாலிகள் நம்புகிறார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அந்த நாற்றம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் நூறு பங்கை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே நின்றுவிடுகிறது. ஐநூறைத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். ஆயிரத்தை நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். மேலே இருப்பவருக்கு அவர் மயங்கி விழுந்ததுபோல்தான் தெரியும். உடனே அவரும் இறங்குகிறார். இந்தச் சாவுகள் இரண்டும் மூன்றுமாக வருவதற்கு இதுதான் காரணம்.

உடற்கூறாய்வுச் சான்று இந்த இடத்தில் அதிகம் உதவவில்லை. மூச்சுத்திணறலால் இறப்பு, உள்ளுறுப்பு ஆய்வு முடிவுக்குக் காத்திருக்கிறது என்று எழுதியிருந்தது. மாதங்கள் கழித்து வந்த ஆய்வக அறிக்கையில் நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை. ஹைட்ரஜன் சல்பைடு உடலில் சீக்கிரம் மாறிவிடும். இரத்தத்தில் தயோசல்பேட் அளவைத் தனியே பார்த்தால்தான் தடயம் கிடைக்கும். வழக்கமான விஷச் சோதனையில் அது சேராது. உடல் அழுகும்போதும் இதே வாயு உண்டாவதால் தாமதமாக எடுத்த மாதிரியை வைத்து உறுதியாகச் சொல்லவும் முடியாது. நஞ்சு இல்லை என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, விஷவாயு ஏதும் இல்லை, சேற்றில் மூழ்கித்தான் இறந்தார் என்று வாதிட எதிர்த்தரப்பு வழக்கறிஞரால் முடியும். இந்த வழக்கிலும் அதுதான் நடந்தது.

அடுத்து மாவட்டத்தின் கணக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 2021-இல் அந்த மாவட்டத்தில் கழிவுநீர்த் தொட்டிகளில் இறந்தவர்களின் பட்டியலைக் கேட்டேன். இம்மாவட்டத்தில் மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணியில் எவரும் ஈடுபடுத்தப்படவில்லை, ஆகவே இறப்பு ஏதும் இல்லை என்று பதில் வந்தது. மாநிலங்களவையில் பார்த்த அதே சூன்யம், இங்கே ஒரு பொதுத் தகவல் அலுவலரின் கையெழுத்தோடு. மேல்முறையீட்டில் ஏழாம் பிரிவைக் குறிப்பிட்டுக் கேட்டபோதுதான் உண்மையான காரணம் எழுத்தில் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் பணியாளர்களைப் பற்றி மட்டும் அறிக்கை அனுப்பியிருக்கின்றன. தனியார் வீட்டில் நடந்த சாவு அவர்கள் கணக்கில் வராது. காவல் துறை விபத்து என்று பதிந்துவிட்டதால் அங்கிருந்தும் ஆட்சியருக்கு எதுவும் போகவில்லை.

தேசிய எண் எப்படி உருவாகிறது என்பது இப்போது தெளிவானது. ஆட்சியர் மாநில அரசுக்கும், மாநில அரசு டெல்லிக்கும் அனுப்பும் கடிதங்களின் கூட்டல் அது. தூய்மைப் பணியாளர் தேசிய ஆணையம் செய்திகளைப் பார்த்துச் சில இடங்களில் தானாகவே அறிக்கை கேட்கிறது. ஆனால் அந்த ஆணையம் 2004-லிருந்து சட்டபூர்வ அமைப்பாக இல்லை. மாநிலம் எழுதவில்லை என்றால் நினைவூட்டல் கடிதம்தான் அனுப்ப முடியும். காவல் நிலையத்தில் முதல் மணி நேரத்தில் எழுதப்படும் 'தவறி விழுந்து' என்ற இரண்டு சொற்கள் இந்தச் சங்கிலியைத் தொடக்கத்திலேயே அறுத்துவிடுகின்றன.

தனியார் வீடு என்பது விதிவிலக்காக இருந்தால் இந்த ஓட்டையைச் சின்னதென்று விட்டுவிடலாம். அப்படி இல்லை. 2022, 2023 ஆண்டுகளின் சாவுகளில் 54-ஐ எடுத்து மத்திய அரசே ஒரு சமூகத் தணிக்கை செய்தது. 2025 ஜூலையில் அதன் முடிவுகள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. 54 பேரில் 38 பேர் தனியாட்கள் நேரடியாகக் கூலிக்கு அமர்த்தியவர்கள். அரசு ஊதியப் பட்டியலில் இருந்தவர்கள் ஐந்தே பேர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லாமல் இறங்கியிருக்கிறார்கள். உள்ளாட்சி அமைப்புகள் தம் ஆட்களை மட்டும் எண்ணினால் சாவுகளில் பெரும்பகுதியை எண்ணவே இல்லை என்று பொருள்.

சட்டம் இப்படிப் பிரிக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த முகமையும், நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரை இந்த வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது ஏழாம் பிரிவு. வீட்டுக்காரரும் மேஸ்திரியும் இதற்குள் அடங்குவார்கள். முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம். 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. அவசர நிலையில்கூடப் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது குற்றம் என்றும் சொன்னது. தனியார் இடத்தில் நடந்ததற்கு அரசு ஏன் பணம் தர வேண்டும் என்ற வாதத்தை 2021 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மும்பை கோவண்டியில் குடியிருப்புச் சங்கம் ஒன்றின் செப்டிக் டேங்கில் 2019 டிசம்பரில் இறந்த மூவரின் மனைவியர் தொடர்ந்த வழக்கு அது. மூவருக்கும் தலா 10 லட்சம் கொடுக்க ஆட்சியருக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

நம் வழக்கில் வழக்கறிஞர் எடுத்த ஆயுதமும் இந்த இரண்டு தீர்ப்புகள்தான். கூடவே பார்வை மகஜரையும் பிரேத விசாரணை அறிக்கையையும் இணைத்து ஆட்சியரிடம் மனு கொடுத்தார். ஏணியும் பக்கெட்டும் மேல்சட்டை இல்லாத உடலும் அரசு அதிகாரியே எழுதியவை என்பதால் அவற்றை மறுக்க வழியில்லை. நீண்ட அலைச்சலுக்குப் பிறகு 2022 இறுதியில் முதல் ஆளின் மனைவிக்கு 10 லட்சத்துக்கான ஆணை வந்தது. அந்த ஆணையின் நகல் மாநில அரசுக்கும் போனது. 2021-இல் நடந்த சாவு அரசின் பட்டியலில் ஏறியது அன்றைக்குத்தான். 36 என்ற பதிலுக்கும் 58 என்ற பதிலுக்கும் இடைப்பட்ட மாதங்கள் அவை. இழப்பீடு கிடைத்தவர் கணக்கில் வருகிறார், கணக்கில் வந்தவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு இழப்பீடு கொடுத்தோம் என்று பிறகு அரசு சொல்கிறது. அலைய ஆளில்லாத குடும்பம் இரண்டிலும் இல்லை.

இரண்டாவதாக இறந்த இளைஞர் இன்னும் எதிலும் இல்லை. எதிர் வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் அவர். கூச்சல் கேட்டு ஓடி வந்து ஏணியில் இறங்கியவர். பட்டியலில் 'பணியாளர்' என்ற பத்தியில் அவருக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். "வேலைக்கு எறங்கலன்னு சொல்றாங்க. உசுர காப்பாத்த எறங்குனவனுக்கு என்ன கணக்கு சார் அது?" என்று அவருடைய அம்மா கேட்கிறார். சட்டப்படி பார்த்தாலும் அவர் கேள்வி சரி. பாதுகாப்புக் கருவி என்பதில் மீட்புக்கான ஏற்பாடும் அடக்கம். மேலே முக்காலியும் கவசக் கயிறும் சுவாசக் கருவியும் இருந்திருந்தால் இன்னொருவர் இறங்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

குற்ற வழக்கு வேறு பாதையில் போயிற்று. 174 என்ற பிரிவை மாற்றி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்று இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ சேர்க்கப்பட்டது. மேஸ்திரி முதல் குற்றவாளி, வீட்டுக்காரர் இரண்டாவது. ஏழாம் பிரிவைச் சேர்க்கச் சொல்லி வழக்கறிஞர் மனுப் போட்டபோது பத்தாம் பிரிவு குறுக்கே வந்தது. 2013 சட்டத்தின் கீழ் வரும் குற்றத்துக்கு, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் வந்தால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்கிறது அது. இந்தச் சட்டத்தின் ஆகப் பெரிய பலவீனமாக நான் நினைப்பது இதைத்தான். ஆய்வக அறிக்கை வரவே அதைவிட அதிகக் காலம் ஆகிறது. விபத்து என்று பதிந்துவிட்டு மூன்று மாதம் கடத்தினால் போதும், இதற்கென்றே எழுதிய சட்டம் கையைவிட்டுப் போய்விடும்.

பிழைத்திருப்பது வேறொரு சட்டம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவு, பட்டியல் சாதியைச் சேர்ந்தவரை மனிதக் கழிவை அகற்றும் வேலையில் ஈடுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்குகிறது. அதற்கு அந்த மூன்று மாதக் கெடு இல்லை. டி.எஸ்.பி. நிலை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் இறந்தவர்களின் சாதி எழுதப்படவில்லை, அதனால் அந்தப் பிரிவு யோசிக்கப்படவே இல்லை. பிரேத விசாரணை அறிக்கையின் முதல் பக்கத்தில் இருவரின் சாதியும் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் காட்டி மேல்விசாரணை கேட்டிருக்கிறார் வழக்கறிஞர். மனு நிலுவையில் இருக்கிறது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்திவிட்டதால், இளைஞரின் அம்மா கொடுத்திருக்கும் புதிய மனுவில் அந்தத் தொகையே கோரப்பட்டிருக்கிறது. ஏணியைப் பற்றிய மகஜர் பக்கம் அதில் இரண்டாவது இணைப்பு.